இணையம் அறுந்து பாதியில் நின்ற காணொளி நேர்முகத் தேர்வு: வருத்தம் தெரிவித்து மறுநேரம் கேட்கும் மின்னஞ்சல்

நேர்முகத் தேர்வுகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் மேசையில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். இப்போது தென்காசிப் பக்கம் ஒரு சிறு பயிற்சி மையத்தில், வேலை தேடுபவர்களின் விண்ணப்பங்களையும் கடிதங்களையும் திருத்திக் கொடுக்கிறேன். இணையம் போய்விட்டது என்பதற்காக ஒருவரைக் கழித்துக்கட்டியதை நான் பார்த்ததில்லை. மறுநேரம் கேட்டு வந்த கடிதம் மறுநாள் வந்ததாலோ, அதில் என்ன கேட்கிறார் என்றே புரியாததாலோ பெயர் விடுபட்டுப் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இங்கே எடுத்துக்கொள்ளும் நிகழ்வு என் அக்கா மகளுடையது. மதுரையில் உள்ள ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் வேலை. ஜூலை 15, செவ்வாய்க்கிழமை, காலை 11 மணிக்கு அரை மணி நேரத் தேர்வு. 11:12க்கு இணைப்பு போனது. தெருவில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய இயந்திரம் ஃபைபர் கம்பியையும் சேர்த்து வாரிவிட்டது. கடிதப் போக்குவரத்து தமிழில் நடந்ததால் மாதிரியும் தமிழில் இருக்கிறது. நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுவதானாலும் வரிசை இதேதான்.

## 1. முதல் பத்து நிமிடம்: எழுதாதீர்கள், நுழையப் பாருங்கள்

முதலில் ரௌட்டர் பெட்டியைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பு என்றால் அதில் `LOS` என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து வரும் கம்பியிலேயே சமிக்ஞை இல்லை என்று பொருள். அந்த நிலையில் பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. மடிக்கணினியில் வைஃபை குறி முழுதாக நிற்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். அந்தக் குறி பெட்டிக்கும் கணினிக்கும் இடையிலான உறவை மட்டுமே காட்டுகிறது. அக்கா மகள் ஐந்து நிமிடத்தை இதில்தான் இழந்தாள்.

சிவப்பு விளக்கைக் கண்டதும் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி அதே இணைப்பு முகவரியில் நுழையுங்கள். ஹாட்ஸ்பாட் இழுக்கவில்லை என்றால் கைப்பேசியிலேயே, காணொளியை அணைத்துவிட்டு ஒலியோடு மட்டும் நுழையுங்கள். சில அழைப்புகளில் `Join by phone` என்று ஓர் எண்ணும் கடவு எண்ணும் தந்திருப்பார்கள். அதற்கு இணையமே வேண்டாம், சாதாரண அழைப்பு போதும். பலரும் அழைப்பின் அடிப்பகுதி வரை படிப்பதில்லை என்பதால் இது கண்ணில் படுவதில்லை.

இரண்டு முயற்சிகள் போதும். மூன்றாம் முறை உள்ளே போவதும் விழுவதுமாக இருந்தால் எதிரே இருப்பவர்களின் பொறுமை தேயும். அடுத்து, தொடர்பு எண் இருந்தால் ஒரே ஒரு முறை அழையுங்கள். எடுக்காவிட்டால் குறுஞ்செய்தி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பை நம்ப வேண்டாம், அதற்கும் இணையம் வேண்டுமே. செய்தி இவ்வளவு இருந்தால் போதும்: "வணக்கம். 11 மணித் தேர்வில் இருந்த (பெயர்). எங்கள் தெருவில் இணைய இணைப்பு அறுந்துவிட்டது. இரு முறை முயன்றேன். விவரம் மின்னஞ்சலில் அனுப்புகிறேன்."

குழுவினர் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதை நிறுத்துவதுதான் இதன் வேலை. மறுநேரம் கேட்பதை இதற்குள் திணிக்காதீர்கள்.

## 2. எழுதுமுன் குறித்துக்கொள்ள வேண்டியவை

ஒரு தாளில் நான்கு விவரங்கள்: தேர்வு குறித்திருந்த நாளும் மணியும், இணைப்பு போன நிமிடம், அதுவரை எவ்வளவு நடந்தது, நீங்கள் எப்படி எப்படி மீண்டும் முயன்றீர்கள். இணைப்பு போன நிமிடத்தை உடனே குறித்துவிடுங்கள். அரை மணி கழித்துக் கேட்டால் "பதினொன்று பத்து, பதினைந்து இருக்கும்" என்றுதான் வருகிறது.

ஐந்தாவது ஒன்று உண்டு, அதைத் தேடத்தான் சற்று நேரமாகும். அடுத்த தேர்வை எந்த இணைப்பில், எந்த இடத்திலிருந்து தரப்போகிறீர்கள்? இதற்கு விடை தெரியாமல் நேரம் கேட்டு எழுதாதீர்கள். கடிதத்தின் கனமான வரி இதைக்கொண்டுதான் எழுதப்படும். ஆறாம் பகுதியில் வருகிறேன்.

இணையச் சேவையாளரிடம் புகார் பதிந்தால் ஒரு எண் தருவார்கள். அதை வைத்துக்கொள்ளுங்கள், கடிதத்தில் எழுத வேண்டாம். கேட்காமலே சான்று நீட்டுபவர் சந்தேகத்தைத் தானே கிளப்புகிறார். சிவப்பு விளக்கைப் படமெடுத்து இணைப்பதும் அப்படித்தான்.

இவற்றைச் சேர்த்துக் கடிதத்தை ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் மாலை ஐந்து மணிக்கு அன்றைய பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்புவோம். கடிதம் வந்திருந்தால் "இணைப்புத் தடை, மறுநேரம் கேட்டுள்ளார்" என்று எழுதுவேன். வராவிட்டால் "பாதியில் விலகினார்". இரண்டும் ஒரே நிகழ்வுதான். மேலே இருப்பவருக்கு என் குறிப்பு மட்டுமே தெரியும்.

## 3. எந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவது

புதிதாக ஒரு மின்னஞ்சலைத் தொடங்காதீர்கள். தேர்வு நேரத்தை உறுதிசெய்து அவர்கள் அனுப்பிய கடிதத்தைத் திறந்து அதற்கே பதில் எழுதுங்கள். பதவியின் பெயர், நேரம், முந்தைய பேச்சு எல்லாம் கீழேயே இருப்பதால், படிப்பவர் உங்களைத் தேட வேண்டியதில்லை. அந்தக் கடிதத்தில் குழுவினரின் முகவரிகளும் இருந்தால் `Reply all` கொடுங்கள், காத்திருந்தவர்கள் அவர்களும்தான். இல்லாத முகவரிகளை வேறெங்கோ தேடிப்பிடித்துச் சேர்க்க வேண்டாம்.

பதிலில் பொருள் வரியை மாற்றாதீர்கள். ஜிமெயிலில் பொருளை மாற்றினால் அது தனிக் கடிதமாகப் பிரிந்துவிடும், பழைய தொடரோடு ஒட்டாது.

விதிவிலக்கு ஒன்று. அழைப்பு `noreply` என்று தொடங்கும் முகவரியிலிருந்து வந்திருந்தால் அங்கே அனுப்பும் பதிலை யாரும் படிக்க மாட்டார்கள். அழைப்பில் ஏற்பாட்டாளர் என்று குறித்திருக்கும் முகவரிக்குப் புதுக் கடிதமாக எழுதுங்கள். அப்போது மட்டும் பொருள் வரி உங்கள் பொறுப்பு: "ஜூலை 15, காலை 11 மணி நேர்முகத் தேர்வு: இணைப்புத் தடை, மறுநேரம் வேண்டுதல் (களப்பணி ஒருங்கிணைப்பாளர்)". வெறுமனே "மன்னிக்கவும்" என்று பொருள் எழுதிய கடிதங்கள் எனக்கு வந்திருக்கின்றன. யார், எதற்கு என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். வேலை மிகுந்த நாளில் அது கடைசியாகத்தான் திறக்கப்படும்.

இன்னொரு தவறு இதைவிட மோசமானது. கேலண்டர் அழைப்பில் `No` என்பதை அழுத்திவிடுகிறார்கள். "இந்த நேரம் முடியாமல் போனது" என்று சொல்வதாக நினைப்பு. ஏற்பாட்டாளருக்குப் போவதோ நீங்கள் அழைப்பை மறுத்துவிட்டதாக ஓர் அறிவிப்பு. அங்கே உள்ள `Propose a new time` வசதியும் இப்போது வேண்டாம், வருத்தமோ விளக்கமோ இல்லாமல் நேரத்தை மட்டும் கேட்பதுபோல் ஆகிவிடும்.

## 4. முதல் பத்தி: வருத்தமும் நடந்ததும்

வருத்தத்தை ஒரு முறை, முதல் வரியிலேயே சொல்லி முடித்துவிடுங்கள். அந்த வரியில் அவர்களுடைய நேரம் இடம்பெற வேண்டும், ஏனென்றால் வீணானது அதுதான். உங்களுக்கு ஏற்பட்ட பதற்றத்தை எழுதத் தொடங்கினால், படிப்பவர் உங்களைத் தேற்ற வேண்டிய இடத்துக்குத் தள்ளப்படுகிறார். முகம் தெரியாதவரிடம் அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

காரணத்துக்கு ஒரு வாக்கியம். எந்த நிறுவனத்தின் இணைப்பு, எத்தனை நாளாக இப்படி, எத்தனை முறை புகார் செய்தோம் என்பதெல்லாம் வேண்டாம். ஆனால் அந்த ஒரு வாக்கியம் திட்டவட்டமாக இருக்கட்டும். "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக" என்று எழுதினால், சாக்குச் சொல்பவர்களும் அதையே எழுதுகிறார்கள் என்பது நினைவுக்கு வரும். "தெருவில் தோண்டியதில் ஃபைபர் கம்பி அறுந்ததால் 11:12க்கு இணைப்பு நின்றது" என்பது மணியோடும் காரணத்தோடும் நிற்கிறது.

உங்கள் கவனக்குறைவும் கலந்திருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். நம் பக்கம் அடிக்கடி நடப்பது: மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடுகிற அறிவிப்பு அது. "திடீர் மின்தடை" என்று எழுதினால், அதே ஊரைச் சேர்ந்த ஒருவர் குழுவில் இருந்தால் போதும், கதை முடிந்தது. "அறிவிக்கப்பட்டிருந்த மின்தடையைக் கவனிக்கத் தவறிவிட்டேன்" என்ற வரி யாரையும் கெடுத்ததில்லை. அன்றைய டேட்டா தீர்ந்துபோயிருந்தாலும் இதேதான்.

துண்டித்தது யார் பக்கம் என்று தெரியாவிட்டால் பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம், அவர்கள் மேல் தள்ளவும் வேண்டாம். "11:12க்கு இணைப்பு நின்றது" என்பதோடு நிறுத்துங்கள்.

## 5. எவ்வளவு கேட்பது, எப்படிக் கேட்பது

தேர்வு தொடங்கவே இல்லை என்றால் மறுநேரம் கேளுங்கள். பாதி நடந்திருந்தால் மீதிப் பகுதிக்கு மட்டும் கேளுங்கள். அக்கா மகள் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, முதல் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் மீண்டும் கேட்பதைவிட, நின்ற இடத்திலிருந்து தொடர இருபது நிமிடம் கேட்பது அவர்களுக்கு எளிது. நாட்காட்டியில் அரை மணி நேர இடைவெளி கிடைப்பது அரிது, இருபது நிமிடம் எங்காவது கிடைத்துவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். முடியாமல் நின்ற விடையைக் கடிதத்தில் எழுதி நிரப்பாதீர்கள். பேச்சில் கேட்க நினைத்ததை எழுத்தில் யோசித்து எழுதினால் அவர்களால் அதற்கு மதிப்பெண் போட முடியாது.

நேரங்களை நீங்களே சொல்லுங்கள், இரண்டு அல்லது மூன்று. "எப்போது வேண்டுமானாலும் வருகிறேன்" என்பது பணிவாகத் தோன்றும். உண்மையில் நேரம் தேடும் வேலை முழுவதும் அவர்கள் தலையில் விழுகிறது. மூன்று நேரம் கொடுத்திருந்தால், நாட்காட்டியைப் பார்த்து "வியாழன் 11 மணி" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கடைசியில், இவை எதுவும் வசதிப்படாவிட்டால் அவர்கள் சொல்லும் நேரத்துக்கு வருவதாகவும் எழுதுங்கள்.

"நாளை", "நாளை மறுநாள்" என்று எழுதாதீர்கள். கடிதம் மறுநாள் படிக்கப்பட்டால் எந்த நாளை? தேதியும் கிழமையும் சேர்ந்தே இருக்கட்டும், எழுதியபின் நாட்காட்டியில் ஒருமுறை சரிபாருங்கள். "ஜூலை 17, புதன்" என்று அக்கா மகளின் முதல் வரைவில் இருந்தது. 17 வியாழன்.

கொடுக்கும் நாட்களில் உங்கள் பகுதிக்கு மின்தடை அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்தபின் எழுதுங்கள். பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது, நேர்முகத் தேர்வுகளும் பத்து, பதினொன்றுக்குத்தான் நடக்கின்றன.

## 6. உறுதி வரி

கடிதத்தைப் படிப்பவர் மனத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கும்: மறுபடியும் இப்படி ஆகாது என்று என்ன நிச்சயம்? "இனி இவ்வாறு நேராது என்று உறுதியளிக்கிறேன்" என்பது அதற்கு விடையாகாது. கம்பி அறுவது உங்கள் கையில் இல்லை. எங்கே உட்கார்ந்து, எந்த இணைப்பில் பேசப்போகிறீர்கள் என்பதே உங்கள் கையில் இருக்கிறது. அதை எழுதுங்கள்.

இங்கே ஒரு முரண் உண்டு. கடிதம் ஒரு மணி நேரத்தில் போக வேண்டும், இணைப்பு சரியாவதற்கோ நாள் பிடிக்கலாம். அதனால் உறுதியை, அறுந்த இணைப்பு சரியாவதோடு முடிச்சுப் போடாதீர்கள். அக்கா மகள் முதலில் "இன்று பிற்பகல் 3 மணிக்குத் தயாராக இருக்கிறேன், அதற்குள் சரிசெய்துவிடுவதாகச் சொல்கிறார்கள்" என்று எழுதியிருந்தாள். நான் அடித்துவிட்டேன். கம்பி சேர்ந்தது இரவு எட்டு மணிக்கு. முதல் தடை விபத்து. இரண்டாவது தடையை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

அவள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி என் வீடு, வேறு சேவையாளரின் இணைப்பு. அங்கே உட்கார்ந்து, தோழி ஒருத்தியை அழைத்துக் காணொளியில் இருபது நிமிடம் பேசிப் பார்த்தோம். அதன்பின் ஹாட்ஸ்பாட்டில் பத்து நிமிடம். இரண்டும் அறுபடாமல் நிலைத்தன. அப்போதுதான் அந்த வரியை எழுதினாள். சோதிக்காத மாற்று ஏற்பாட்டை எழுதாதீர்கள்.

ஹாட்ஸ்பாட்டைச் சொல்வதானால் இரண்டைக் கவனியுங்கள். தினசரி டேட்டாத் திட்டத்தில் இருப்பவர்கள் அன்று காலை எதையும் பார்க்காமல் குறைந்தது ஒரு ஜிபியாவது மிச்சம் வைக்க வேண்டும். இரண்டு சிம் உள்ள கைப்பேசியில் மற்ற சிம்முக்கு அழைப்பு வந்தால், பல கருவிகளில் டேட்டா நின்றுவிடும். தேர்வு முடியும் வரை அந்தச் சிம்மை அமைப்புகளில் அணைத்து வையுங்கள்.

## 7. வரைவும் இறுதி வடிவமும்

அவள் முதலில் எழுதியது:

> ஐயா/அம்மா, முதற்கண் எனது மனமார்ந்த மன்னிப்பைக் கேட்டுக்கொள்கிறேன். இன்று நடந்ததை நினைத்தால் எனக்கு அழுகையே வருகிறது. எங்கள் பகுதியில் இணையச் சேவை எப்போதுமே மோசம். தொழில்நுட்பக் கோளாறு காரணமாக என்னால் தொடர இயலவில்லை. இந்த வேலை என் கனவு. தயவுசெய்து எனக்கு இன்னொரு வாய்ப்பு தாருங்கள். எப்போது அழைத்தாலும் வருகிறேன். மீண்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிப்பவரால் இதை வைத்து எதுவும் செய்ய முடியாது. நேரம் இல்லை, பதவி இல்லை, எவ்வளவு நடந்தது என்பது இல்லை. "எப்போதுமே மோசம்" என்ற வரியோ அடுத்த தேர்வும் நிற்கும் என்று அவளே சாட்சி சொல்வதுபோல் இருக்கிறது.

12:05க்கு அனுப்பியது:

> மதிப்பிற்குரிய அம்மையீர்,
>
> இன்று (ஜூலை 15, செவ்வாய்) காலை 11 மணித் தேர்வு பாதியில் நின்று, உங்கள் நேரமும் குழுவினரின் நேரமும் வீணானதற்கு வருந்துகிறேன். எங்கள் தெருவில் தோண்டியதில் ஃபைபர் கம்பி அறுந்ததால் 11:12க்கு இணைப்பு நின்றது. கைப்பேசி வழியாக இரு முறை நுழைய முயன்றேன், ஒலி நிலைக்கவில்லை. 11:24க்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்.
>
> அறிமுகம் முடிந்து முதல் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தேன். மீதிப் பகுதிக்கு இருபது நிமிடம் ஒதுக்க இயலுமா? நான் வரக்கூடிய நேரங்கள்:
>
> ஜூலை 16, புதன், பிற்பகல் 2 முதல் 5 வரை
> ஜூலை 17, வியாழன், காலை 10 முதல் 1 வரை
> ஜூலை 18, வெள்ளி, காலை 10 முதல் மாலை 5 வரை
>
> இவை வசதிப்படாவிட்டால் நீங்கள் குறிக்கும் நேரத்துக்கு வருகிறேன்.
>
> அடுத்த முறை வேறு இணைப்பு உள்ள உறவினர் வீட்டிலிருந்து பேசுவேன். இன்று அதைச் சோதித்துப் பார்த்துவிட்டேன். கைப்பேசி இணைப்பும் தயாராக இருக்கும்.
>
> இப்படிக்கு,
> (பெயர்)
> களப்பணி ஒருங்கிணைப்பாளர் பதவி விண்ணப்பதாரர்
> (கைப்பேசி எண்)

கைப்பேசி எண்ணை விட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தில் இருக்கிறதே என்பீர்கள். அதைத் திறந்து தேடுவதைவிட, கண்ணெதிரே இருக்கும் எண்ணை அழைப்பது எளிது. அன்று அழைப்புதான் வந்தது.

## 8. அனுப்பியபின்

முதலில் `Sent` பெட்டியைப் பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் இணையம் போன நிலையில் கைப்பேசியில் எழுதி அனுப்பு பொத்தானை அழுத்துபவர்களின் கடிதம் `Outbox` பெட்டியில் `Queued` என்ற குறிப்போடு அங்கேயே உட்கார்ந்திருக்கும். அனுப்பிவிட்டோம் என்று நம்பி மாலை வரை பதிலுக்குக் காத்திருந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். அவன் கடிதம் இரவு ஒன்பது மணிக்கு, வீட்டில் இணையம் வந்தபின், தானாகப் போய்ச் சேர்ந்தது.

அன்று இரவே நினைவூட்ட வேண்டாம். இரண்டு வேலைநாள் பொறுங்கள். பதில் இல்லையென்றால், அதே தொடரில் இரண்டு வரி: கடிதம் கிடைத்ததா என்று ஒரு வரி, நீங்கள் கொடுத்த நேரங்களில் கடந்துபோனவற்றுக்குப் பதிலாகப் புதிய நேரங்கள் ஒரு வரி. மன்னிப்பை மறுபடி எழுத வேண்டாம். அதற்கும் பதில் வராவிட்டால், அலுவலக நேரத்தில் ஒரு முறை தொலைபேசியில் கேளுங்கள். அதற்கு மேல் துரத்துவதில் பயனில்லை.

புதிய நேரம் வந்தால் அரை மணிக்குள் ஏற்றுப் பதில் எழுதுங்கள், தேதியையும் மணியையும் திருப்பி எழுதி. புது அழைப்பு முகவரி வருகிறதா, பழையதுதானா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். பழைய முகவரியில் போய் உட்கார்ந்து, யாரும் வரவில்லையே என்று காத்திருப்பவர்களும் உண்டு.

தேர்வன்று தொடக்கத்தில் "அன்று காத்திருந்ததற்கு நன்றி" என்று சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்குப் போங்கள். அக்கா மகளுக்கு வியாழன் காலை 11:30 கிடைத்தது. குழுவில் ஒருவர் முதலில் கேட்டது, "தெருவில் குழாய் போட்டு முடித்துவிட்டார்களா?" இன்னும் மண் மூடவில்லை என்றாள். அதன்பின் செவ்வாயன்று நின்ற அதே கேள்வியைக் கேட்டார்கள்.